லாபம் 140 கோடி, மிச்சம் 11 கோடி

2001-ஆம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில் அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனப் பங்கு ஏறத்தாழ 14 டாலருக்குக் கைமாறியது. சுமார் 296 கோடிப் பங்குகள் என்பதால் சந்தை மதிப்பு 4,170 கோடி டாலர். அந்த ஆண்டுக்கு நிறுவனம் அறிவித்த நிகர லாபம் 140 கோடி டாலர். லாபத்தைச் சந்தை மதிப்பால் வகுத்தால் 3.4 சதவீதம் வருகிறது. இதற்கு எர்னிங்ஸ் யீல்டு என்று பெயர். நாம் அன்றாடம் பேசும் பி.இ விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் கிடைப்பது இதுதான். தொலைத்தொடர்புத் துறையே சரிந்து கிடந்த நேரத்தில், நாட்டின் இரண்டாவது பெரிய தொலைதூர அழைப்பு நிறுவனத்துக்கு இது மோசமான எண் அல்ல.

அதே ஆண்டறிக்கையில் இன்னும் சில பக்கங்கள் தள்ளினால் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் வரும். தொழில் நடத்தியதில் வந்த ரொக்கம் 799 கோடி டாலர். லாபத்தைப்போல ஐந்தரை மடங்கு! இங்கேயே நிறுத்திக்கொண்டவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அதற்குக் கீழே முதலீட்டுப் பகுதியில், கருவிகளும் கட்டமைப்பும் வாங்கச் செலவிட்ட மூலதனச் செலவு என்று ஒரு வரி இருந்தது. அது 789 கோடி. முந்தையதிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது, தசமப் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 10.8 கோடி டாலர். இந்த மிச்சத்தைத்தான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்கிறோம். இதைச் சந்தை மதிப்பால் வகுத்தால் வருவது ஃப்ரீ கேஷ் ஃப்ளோ யீல்டு: 0.26 சதவீதம்.

நூறு டாலர் போட்டவருக்கு லாபக் கணக்கு 3 டாலர் 40 சென்ட் காட்டுகிறது. உண்மையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ரொக்கம் 26 சென்ட். இந்த இரண்டு எண்களும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன என்று கேட்பதுதான் இந்தச் சோதனை.

இந்த யீல்டைப் பெரும்பாலானோர் பங்கு மலிவா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால், தனியாக ஒரு யீல்டைப் பார்ப்பதில் பாதிப் பயன்தான். லாப யீல்டையும் ரொக்க யீல்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டிலும் கீழே இருப்பது ஒரே சந்தை மதிப்பு. எனவே அவற்றின் இடைவெளி முழுக்க முழுக்க லாபத்தின் தரத்தைப் பற்றியது. சந்தை மதிப்பு தருவது இன்னொரு தகவல்: ரொக்கமாக மாறாத அந்த லாபத்துக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பது.

இனி வேர்ல்ட்காமில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். லாபத்தை ஊதிக்காட்ட அங்கே இரண்டு வழிகள் அடுத்தடுத்துக் கையாளப்பட்டன. இரண்டையும் பிடிக்கும் இடங்கள் வேறு வேறு.

வேர்ல்ட்காமின் மிகப் பெரிய செலவு, மற்றத் தொலைபேசி நிறுவனங்களின் கம்பிகளைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம். லைன் காஸ்ட் என்று சொல்வார்கள். இணையம் பல மடங்கு பெருகப் போகிறது என்று நம்பி நீண்டகால ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். எதிர்பார்த்த போக்குவரத்து வரவில்லை. வருவாயில் லைன் காஸ்டின் பங்கு ஏறிக்கொண்டே போனது.

2000-ஆம் ஆண்டின் பின்பாதியில் முதல் வழி. வரப்போகும் பில்களுக்காக முன்கூட்டியே செலவெழுதி ஒதுக்கிவைத்திருந்த தொகைகள் இருக்குமல்லவா, அவற்றை ‘இனி தேவையில்லை’ என்று சொல்லித் திரும்ப லாபத்துக்குள் விட்டார்கள். மூன்றாவது காலாண்டில் சுமார் 83 கோடி டாலர், நான்காவதில் 41 கோடி. பேனாவால் லாபம் கூடியது. வங்கியில் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. இந்த வகை வேலையைப் பிடிக்க ஃப்ரீ கேஷ் ஃப்ளோ வரை போக வேண்டியதில்லை. லாபம் ஏறி, தொழில்வழி ரொக்கம் ஏறாமல் நின்றாலே சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் ஒதுக்கீட்டுத் தொகைகள் ஒரு நாள் தீர்ந்துபோகும். 2001 ஏப்ரலில், முதல் காலாண்டுக் கணக்கை முடிக்கும்போது, இரண்டாவது வழிக்குப் போனார்கள். கொடுத்து முடித்த லைன் காஸ்டில் ஒரு பகுதியைச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துச் சொத்துக் கணக்கில் ஏற்றினார்கள். அந்தக் காலாண்டில் 77 கோடி, பிறகு 61, அடுத்து 74, கடைசியில் 93. ஆண்டு மொத்தம் 305 கோடி டாலருக்கும் சற்று மேல். மாத வாடகை கொடுத்துவிட்டு, ‘வீடு கட்டப் போட்ட முதல்’ என்று டைரியில் எழுதிக்கொள்வது போன்ற வேலை இது. செலவு ஒரே ஆண்டில் லாபத்தைத் தின்னாது. சொத்தாக உட்கார்ந்து, தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இந்த இரண்டாவது வழியின் சாமர்த்தியம், அது தொழில்வழி ரொக்கத்தையும் ஏமாற்றிவிடுகிறது என்பதுதான். கட்டணமாகக் கொடுத்த பணம் தொழில்வழி ரொக்கத்தில் கழிய வேண்டியது. அதே பணத்துக்குச் சொத்து என்று பெயர் வைத்தவுடன் அது ஒரு பகுதி கீழே இறங்கி, முதலீட்டுச் செலவில் போய் உட்காருகிறது. ‘லாபத்தை நம்பாதே, கேஷ் ஃப்ளோவைப் பார்’ என்ற பழைய அறிவுரையை அப்படியே பின்பற்றியவரும் இதில் ஏமாந்திருப்பார். அந்த நாளில் சந்தை கண்கொத்திப் பாம்பாகக் கவனித்த எண், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபமான எபிட்டா. அது இடம் மாற்றிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் ஏறியது.

ஃப்ரீ கேஷ் ஃப்ளோ மட்டும் அசையவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறிவித்தபடி 799.4 கோடியிலிருந்து 788.6 கோடியைக் கழித்தால் 10.8 கோடி. இப்போது 305.5 கோடியை அதற்குரிய இடத்துக்குத் திருப்புங்கள். தொழில்வழி ரொக்கம் 493.9 கோடியாக இறங்குகிறது. மூலதனச் செலவும் 483.1 கோடியாக இறங்குகிறது. மிச்சம் அதே 10.8 கோடி. பணத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது வெளியே போனது போனதுதான். செலவைச் சொத்தாக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்தச் சோதனை அசையாமல் இருப்பது இதனால்தான். அது மோசடியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மென்பொருள் உருவாக்கச் செலவு, மருந்து ஆராய்ச்சிச் செலவு, கட்டுமானக் கால வட்டி என்று விதி அனுமதிக்கும் வகையில் சொத்தாக்குபவை ஏராளம்.

கணக்குப் புத்தகத்தில் இந்த மாற்றத்துக்கு வைத்திருந்த பெயர் ‘ப்ரீபெய்ட் கெபாசிட்டி’. 2002 மே, ஜூன் மாதங்களில் நிறுவனத்தின் உள்தணிக்கைத் தலைவி சிந்தியா கூப்பரும் அவருடைய குழுவினரும் மூலதனச் செலவுப் பதிவுகளைத் தோண்டினார்கள். அப்படியென்றால் என்ன என்று அவர்கள் கேட்டபோது, பதிவிட்டவர்களாலேயே விளக்க முடியவில்லை. பில் இல்லை, பொருள் இல்லை, காலாண்டுக் கடைசியில் ஏற்றிய முழுத் தொகை மட்டும் இருந்தது. தணிக்கையைத் தள்ளிப்போடும்படி நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன் கேட்டும் கூப்பர் விடவில்லை. ஜூன் 25 அன்று நிறுவனமே உண்மையை அறிவித்தது. ஜூலை 21 அன்று திவால் மனு. மோசடியின் அளவு பிறகு 1,100 கோடி டாலராக விரிந்தது. தலைவர் பெர்னார்ட் எபர்ஸுக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

வெளியிலிருந்து ஆண்டறிக்கையை மட்டும் படித்தவருக்கு மோசடி என்று தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. 0.26 சதவீதம் என்ற எண், ‘இங்கே திருட்டு நடக்கிறது’ என்று சொல்லவில்லை. ‘லாபம் உரிமையாளருக்கு வந்து சேரவில்லை’ என்று மட்டும்தான் சொன்னது. அந்த ஓர் ஆண்டு மட்டும் அல்ல. 2000-இல் லாபம் 415 கோடி டாலர். தொழில்வழி ரொக்கம் 767 கோடி, மூலதனச் செலவு 1,148 கோடி. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் லாபம் 555 கோடி, ஃப்ரீ கேஷ் ஃப்ளோவோ 371 கோடி பற்றாக்குறை. நிறுவனத்தின் மீதிருந்த கடன் சுமார் 3,000 கோடி. இதற்கு மேல் மோசடி என்று நிரூபணமாக வேண்டும் என்ற அவசியம் முதலீட்டாளருக்கு இல்லை. விலகி நிற்க இதுவே போதும்.

‘வளர்கிற நிறுவனம் அப்படித்தான் செலவழிக்கும்’ என்ற பதில் உடனே வரும். அது நியாயமான பதில்தான். புதிதாக ஆலை கட்டும் நிறுவனத்துக்கு, கடை கடையாகத் திறக்கும் நிறுவனத்துக்கு ரொக்க யீல்டு சில ஆண்டுகள் பூஜ்யத்துக்குக் கீழே போவது இயல்பு. எனவே இடைவெளியைக் கண்டதும் தீர்ப்பு எழுதாமல், மூலதனச் செலவுக்குப் பின்னால் விற்பனை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேர்ல்ட்காமில் 2000-இல் 1,148 கோடி கொட்டிய பிறகு, 2001-இல் வருவாய் 3,909 கோடியிலிருந்து 3,518 கோடியாகக் குறைந்தது. குறைந்துகொண்டே போகும் தொழிலில் லைன் காஸ்ட் மட்டும் வருவாயில் சுமார் 42 சதவீதம் என்று காலாண்டுக்குக் காலாண்டு அசையாமல் நின்றது. இட்டுக்கட்டாமல் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 50 சதவீதத்தைத் தாண்டியிருக்கும் என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது. துறை முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் வியர்க்கவில்லை என்றால் காரணம் கேட்க வேண்டும்.

நம் ஊர் ஆண்டறிக்கைகளில் இதையே செய்துபார்க்க விரும்புபவர் ஒரு குழியைத் தாண்டியாக வேண்டும். அமெரிக்க விதிப்படி கட்டிய வட்டி தொழில்வழி ரொக்கத்திலேயே கழிந்துவிடும். நம்முடைய இந்த்-ஏ.எஸ். 7 விதிப்படி, வங்கி, நிதி நிறுவனங்கள் தவிர மற்றவை, கட்டிய வட்டியை நிதித் திரட்டல் பகுதியில், மூன்றாவதாக, காட்ட வேண்டும். 2019 ஏப்ரலில் வந்த இந்த்-ஏ.எஸ். 116 விதிக்குப் பிறகு, கடை, கிடங்கு, விமானம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் நீண்டகால வாடகையும் அந்த மூன்றாவது பகுதிக்கே போய்விட்டது. ஆகவே முதல் பகுதியிலிருந்து மூலதனச் செலவைக் கழித்துவிட்டு நிறுத்தினால், வட்டியும் வாடகையும் கட்டாத பணத்தை நம் பணம் என்று எண்ணிக்கொள்வோம். பங்கு அலசும் இணையதளங்கள் தயாராகக் காட்டும் எண்ணிலும் பல சமயம் இந்தக் குறை இருக்கும்.

கற்பனையாக ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சந்தை மதிப்பு 1,500 கோடி ரூபாய், நிகர லாபம் 75 கோடி. பி.இ 20, லாப யீல்டு 5 சதவீதம். தொழில்வழி ரொக்கம் 110 கோடி, மூலதனச் செலவு 45 கோடி. அவசரக் கணக்கில் மிச்சம் 65 கோடி, யீல்டு 4.3 சதவீதம். ஐந்துக்கும் நான்கே காலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, லாபம் சுத்தம் என்று தோன்றும். மூன்றாவது பகுதிக்குப் போனால் வங்கி வட்டி 22 கோடி, கடைகளின் குத்தகைப் பணம் அசலும் வட்டியுமாக 18 கோடி. இரண்டையும் கழித்தால் 25 கோடிதான் மிச்சம், யீல்டு 1.7 சதவீதம். லாபத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ரொக்கமாக வந்திருக்கிறது.

மீதி 50 கோடி எங்கே? மூலதனச் செலவு 45 கோடி, சொந்தச் சொத்துகளின் தேய்மானம் 30 கோடி என்றால், 15 கோடி விரிவாக்கத்துக்குப் போயிருக்கிறது. அதை மன்னிக்கலாம், புதிய கடைகளில் விற்பனை வந்தால். மிச்சத்தில் அநேகமாக எல்லாமே விற்காத சரக்கிலும் வராத பாக்கியிலும் முடங்கியிருக்கிறது. இதுதான் கவலை. இதைத் துருவ இப்போது வசதி இருக்கிறது. 2021-22 நிதியாண்டு முதல், வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி, முடியாமல் நடந்துகொண்டிருக்கும் மூலதனப் பணி ஆகிய மூன்றையும் வயதுவாரியாக, எத்தனை மாதப் பழசு என்று பிரித்து, குறிப்புகளில் காட்ட வேண்டும் என்பது விதி. மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் முடியாத மூலதனப் பணி ஒரு பெரிய தொகையாக உட்கார்ந்திருந்தால், அது உண்மையில் ஆலையா, அல்லது ‘ப்ரீபெய்ட் கெபாசிட்டி’யின் உள்ளூர்ச் சொந்தக்காரனா என்று நிர்வாகத்திடம் கேட்கலாம். பொதுவாக நான் பார்த்தவரை, இந்த அட்டவணையைப் படிப்பவர்கள் மிகக் குறைவு.

எதிர்ப்புறமும் ஒரு வலை உண்டு. ரொக்க யீல்டு லாப யீல்டைவிட மிக அதிகமாக இருந்தாலும் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். சப்ளையருக்கு மார்ச் 31-க்குள் கொடுக்க வேண்டியதை ஏப்ரலுக்குத் தள்ளினாலே அந்த ஆண்டின் எண் பளபளக்கும். வரவேண்டிய பில்களை வங்கியிடம் தள்ளுபடிக்கு விற்றாலும் அப்படியே. இயந்திரங்களை மாற்றாமல் ஓட்டித் தள்ளும் நிறுவனமும் சில ஆண்டுகள் நன்றாகவே காட்டும். ஓராண்டு எண்ணை எடுக்காமல் ஐந்து ஆண்டு லாபத்தையும் ஐந்து ஆண்டு மிச்சத்தையும் கூட்டி ஒப்பிட்டால் இவற்றில் பெரும்பாலானவை அடிபட்டுப் போகும். தள்ளிப்போட்ட பில் அடுத்த ஆண்டு வந்தே தீரும். வங்கி, காப்பீடு, நிதி நிறுவனங்களுக்கு இந்தச் சோதனையே பொருந்தாது. அங்கே பணம்தான் சரக்கு. டெபாசிட் வந்தால் ரொக்கம் ஏறும், கடன் கொடுத்தால் இறங்கும், அதில் லாபத்தின் தரம் எதுவும் தெரியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வரம்பு, சோதனையின் அடித்தளமே பொய்யாக இருக்கும்போது வருவது. வேர்ல்ட்காமில் ரொக்கம் உண்மை, அதன் பெயர்தான் பொய். சத்யம் கம்ப்யூட்டர்ஸில் ரொக்கமே பொய். 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் இறுதியில் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் வங்கி இருப்பில் 5,040 கோடி கிடையாது. அந்தக் காலாண்டில் அறிவித்த செயல்பாட்டு லாபம் 649 கோடி. உண்மையில் இருந்தது 61 கோடி. பொய் விற்பனை, பொய் வசூல், பொய் வங்கி இருப்பு என்று சங்கிலி முழுமையாக இருந்ததால் ஃப்ரீ கேஷ் ஃப்ளோவும் அழகாகவே வரும். இருப்புக்கு வட்டி வருகிறதா என்று பார்ப்பது ஒரு நல்ல துணைச் சோதனை. ஆனால் இங்கே 376 கோடி ரூபாய் வட்டியையும் இட்டுக்கட்டியிருந்தார்கள்.

அப்படிப்பட்ட நிறுவனத்தில் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி, வந்ததாகச் சொல்லும் ரொக்கம் ஆண்டாண்டாக எங்கே போனது என்பது. டிவிடெண்டாகவோ, பங்கைத் திரும்ப வாங்கியோ, கடனை அடைத்தோ அது வெளியே வந்தால், அந்த அளவுக்கு அது உண்மையாக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இல்லாத பணத்தைப் பங்குதாரருக்குக் கொடுக்க முடியாது. குவித்துக்காட்ட மட்டும்தான் முடியும். 2008 டிசம்பர் 16 அன்று சத்யம், ராஜு குடும்பத்தைச் சேர்ந்த மேடாஸ் ப்ராப்பர்ட்டீஸ், மேடாஸ் இன்ஃப்ரா நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. பங்குதாரர்கள் கொதித்ததில் சில மணி நேரத்திலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தில் அதற்குக் காரணமும் இருந்தது: கணக்கில் இருந்த பொய் ரொக்கத்தை நிஜமான நிலத்தாலும் சொத்தாலும் நிரப்ப நடந்த கடைசி முயற்சி அதுதான்.